டி.எம்.டி. குடும்பத்தில் கேரியர் வாய்ப்பைக் கணக்கிடுதல்: தடயங்களை ஒவ்வொன்றாகப் பெருக்கும் முறை

டுச்சேன் தசைச்சிதைவு நோய், அதாவது டி.எம்.டி., இருக்கும் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் மரபணு ஆலோசனைக்குப் போனால், முடிவில் அவர் கைக்கு வருவது "கேரியராக இருக்க வாய்ப்பு 8 விழுக்காடு" என்பது போன்ற ஒரே ஒரு வரிதான். அந்த 8 எங்கிருந்து வந்தது, நாளைக்கு இன்னொரு பரிசோதனை முடிவு வந்தால் அது எவ்வளவு மாறும் என்பதைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவருக்காக அலைந்தபோது, வெவ்வேறு சமயங்களில் வந்த காகிதங்களை ஒன்றாக வைத்து எப்படிப் படிப்பது என்பதுதான் எங்களுக்குப் பெரும் திண்டாட்டமாக இருந்தது. கணக்கு என்னவோ பள்ளியில் படித்த பேயீஸ் தேற்றம்தான். ஆனால் அதைப் பின்னங்களாக எழுதாமல் விகிதமாக எழுதினால், ஒவ்வொரு புதிய தகவலுக்கும் ஒரு பெருக்கல் போதும். அந்த முறையை, அடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படும்படி கீழே வரிசையாகத் தருகிறேன்.

நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால், அதில் பழுது இருந்தால் நோய் வருகிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால், ஒன்றில் பழுது இருந்தாலும் பெரும்பாலும் நோய் வெளித்தெரிவதில்லை. ஆனால் அவர் கேரியர். கேரியரான தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று.

1. முதலில் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

குடும்ப வரைபடம் ஒன்றை நீங்களே எழுதிக்கொண்டு போவது நல்லது. தாய்வழியில் மூன்று தலைமுறைக்கு யார் யார் ஆண், யாருக்கு நோய் இருந்தது, நோய் இல்லாதவர்களின் இப்போதைய வயது என்ன, இறந்தவர்கள் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். "சின்ன வயசுலயே நடக்க முடியாமப் போச்சு" என்று பாட்டி சொல்லும் பெரியப்பா மகனோ மாமாவோ இந்தக் கணக்கில் மிக முக்கியமானவர். அவர் தாய்வழி உறவா, தந்தைவழி உறவா என்பதைக் கட்டாயம் குறியுங்கள். தந்தைவழியில் வந்தவர் இந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார்.

நோயுற்றவரின் மரபணு அறிக்கை வீட்டில் எங்காவது இருந்தால், அதைப் போல மதிப்புள்ள காகிதம் வேறில்லை. ஏன் என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன். அடுத்து, தசை நொதி ஒன்றை அளக்கும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் அந்தப் பெண்ணுக்கு வந்த முடிவுகள். பல ஆய்வகங்கள் இதைப் பழைய பெயரில் சி.பி.கே. என்றே அச்சிடுகின்றன, இரண்டும் ஒன்றுதான். எண்ணோடு சேர்த்து, அந்த ஆய்வகம் பெண்களுக்குக் கொடுத்திருக்கும் இயல்பு வரம்பையும் ரத்தம் எடுத்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. தொடக்க விகிதத்தை எழுதுங்கள்

இங்கே விகிதம் என்று நான் சொல்வது, "கேரியராக இருக்கும் வாய்ப்பு : கேரியராக இல்லாத வாய்ப்பு" என்பதையே. இடப்பக்கம் எப்போதும் "ஆம்", வலப்பக்கம் எப்போதும் "இல்லை". வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் விகிதம் 1 : 1. வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்றால் விகிதம் 1 : 4, 1 : 5 அல்ல. இந்த இடத்தில்தான் முதன்முதலாகக் கணக்குப் போடுகிறவர்களின் கை வழுக்குகிறது.

நாம் எடுத்துக்கொள்ளும் பெண்ணை மாலதி என்று வைத்துக்கொள்வோம். பெயரும் குடும்ப விவரமும் கணக்குக்காக அமைத்தவை. மாலதியின் அண்ணனுக்கு டி.எம்.டி. இருந்தது, மாலதியின் அம்மாவுக்கும் அதே நோயோடு ஒரு தம்பி இருந்தார். நோயுற்ற மகனும் நோயுற்ற தம்பியும் இருப்பதால் அம்மா கேரியர் என்பதில் நடைமுறையில் ஐயமில்லை. ஆகவே மாலதிக்கு அம்மாவின் பழுதுள்ள எக்ஸ் வந்திருக்க வாய்ப்பு பாதி. தொடக்க விகிதம் 1 : 1.

மாமாவுக்கு நோய் இல்லாமல், அண்ணன் ஒருவருக்கு மட்டும் இருந்திருந்தால் கதை வேறு. இந்த நோயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புதிதாக ஏற்பட்ட மரபணு மாற்றத்தால் வருகிறது; அப்போது அம்மா கேரியராகவே இருக்க மாட்டார். அதனால் அம்மாவுக்கான விகிதம் 2 : 1 என்று தொடங்கும். மாலதிக்கு நோயில்லாத அண்ணன் தம்பி இன்னும் இருவர் இருந்தால், அது அம்மாவைப் பற்றிய தடயம். ஆளுக்குப் பாதியாகப் பெருக்க, அம்மாவின் விகிதம் 2 : 4, அதாவது 1 : 2 ஆகிவிடும். இதிலிருந்து மாலதியின் விகிதத்துக்கு இறங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பாதியாக்க வேண்டியது வாய்ப்பை, விகிதத்தை அல்ல. அம்மாவின் 1 : 2 என்பது மூன்றில் ஒன்று, அதில் பாதி ஆறில் ஒன்று, மாலதியின் விகிதம் 1 : 5. விகிதத்தையே பாதியாக்கி 1 : 4 என்று எழுதினால் தவறான விடை வரும், அதைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கவும் முடியாது.

அம்மா கேரியர் என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்ட குடும்பத்தில், மாலதியின் நலமான சகோதரர்கள் கணக்கில் எதையும் மாற்றுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ரெண்டு தம்பியும் நல்லாத்தானே இருக்காங்க" என்று உறவினர் சொல்லும் ஆறுதலுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

3. ஒவ்வொரு தடயத்துக்கும் இரண்டு கேள்வி

புதிய தகவல் ஒன்று வந்ததும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். இவர் கேரியராக இருந்தால் இந்தத் தகவல் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? இவர் கேரியராக இல்லாவிட்டால் இதே தகவல் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? முதல் விடையை இரண்டாம் விடையால் வகுத்தால் கிடைப்பது அந்தத் தகவலின் தடய விகிதம். மருத்துவர்கள் இதை லைக்லிஹுட் ரேஷியோ என்பார்கள்.

```
புதிய விகிதம் = பழைய விகிதம் × தடய விகிதம்
```

மாலதிக்கு 9 வயதிலும் 7 வயதிலும் இரண்டு மகன்கள், இருவரும் நலம். மாலதி கேரியராக இருந்தால் ஒரு மகன் நலமாக இருக்கும் வாய்ப்பு பாதி. கேரியர் இல்லையென்றால் அது ஏறத்தாழ முழு உறுதி. எனவே ஒவ்வொரு மகனுக்கும் தடய விகிதம் 1/2.

```
தொடக்கம்        1 : 1
மூத்த மகன் நலம்   1 : 2
இளைய மகன் நலம்  1 : 4
```

பரிசோதனை எதுவும் இல்லாமலே வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. இப்படி இரண்டு முறை பெருக்கலாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு: மாலதி கேரியர் என்று வைத்துக்கொண்டாலும், மூத்தவனுக்கு எந்த எக்ஸ் போனது என்பது இளையவனுக்கு எது போகும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. "கேரியர்" என்றோ "இல்லை" என்றோ ஒன்றை நிலைநிறுத்திய பிறகு இரண்டு தகவல்களும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். பெருக்கலுக்கு உள்ள ஒரே நிபந்தனை அதுதான்.

எந்த மகனைக் கணக்கில் சேர்க்கலாம் என்பதில் கவனம் தேவை. நோயின் அறிகுறிகள் பொதுவாக இரண்டு முதல் ஐந்து வயதுக்குள்தான் தெரியத் தொடங்குகின்றன. மூன்று மாதக் குழந்தை நலமாக இருப்பது தடயமே அல்ல. நோய் இருந்தாலும் அந்த வயதில் அப்படித்தான் இருக்கும். நோயுள்ள ஆண் குழந்தைக்குப் பிறந்தது முதலே சி.கே. அளவு பல மடங்கு உயர்ந்திருக்கும் என்பதால், குழந்தையின் சி.கே. இயல்பாக இருப்பது தெரிந்தால் மட்டும் அவனைச் சேர்த்துக்கொள்ளலாம். மகன்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலான இரட்டையர் என்றால் இருவருக்கும் சேர்த்து ஒரு பாதிதான். இருவரும் பெற்றது ஒரே எக்ஸ். வேறுவேறு கருவில் உருவான இரட்டையர் என்றால் இரண்டு பாதி. மகள்கள் நலமாக இருப்பதிலிருந்து எதுவும் தெரியவராது.

4. சி.கே. முடிவைச் சேர்ப்பது

தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி சி.கே. கேரியர் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது இயல்பு வரம்புக்கு மேல் இருக்கும். ஆய்வக வரம்பு, நோயில்லாப் பெண்களில் 95 விழுக்காட்டினர் அதற்குக் கீழே இருக்கும்படி வைக்கப்பட்டது என்று கொள்வோம். மாலதியின் அளவு வரம்புக்குள் இருக்கிறது. கேரியராக இருந்தும் இயல்பாக இருக்கும் வாய்ப்பு 1/3. கேரியர் இல்லாமல் இயல்பாக இருக்கும் வாய்ப்பு 95/100. வகுத்தால் ஏறத்தாழ 0.35.

```
1 : 4  ×  0.35  =  0.35 : 4  =  1 : 11.4
```

வாய்ப்பு 12.4-இல் 1, அதாவது 8 விழுக்காடு. தொடக்கத்தில் சொன்ன அந்த ஒற்றை வரி இப்படித்தான் பிறக்கிறது.

மாறாக அளவு வரம்பைத் தாண்டியிருந்தால், 2/3-ஐ 5/100-ஆல் வகுக்க வேண்டும். தடய விகிதம் 13.3. அப்போது 1 : 4 என்பது 3.3 : 1 ஆகி, வாய்ப்பு 77 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சி.கே. உயர்ந்திருப்பது பலத்த தடயம். இயல்பாக இருப்பது மெலிந்த தடயம். ஒரே பரிசோதனையின் இரண்டு விடைகளுக்கு எடை ஒன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு "நார்மல்னு வந்துடுச்சு, இனி பயமில்லை" என்று முடிவுகட்டுவது இந்தக் குடும்பங்களில் நான் அதிகம் கேட்ட பேச்சு.

இந்தப் படியில் உள்ள பெரிய பொறி, பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது. மாலதி ஒரு வார இடைவெளியில் மூன்று முறை சி.கே. பார்த்து, மூன்றும் இயல்பு என்று வந்தால், 0.35-ஐ மூன்று முறை பெருக்கத் தோன்றும். அப்படிப் பெருக்கினால் 1 : 4 என்பது 1 : 93 ஆகி, வாய்ப்பு ஒரு விழுக்காட்டை ஒட்டி வந்து நிற்கும். அது பொய்யான நிம்மதி. பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடுகிறது. எது அணையும் என்பது கருவின் தொடக்க நாட்களிலேயே முடிவாகிவிடும். ஒரு கேரியரின் தசைகளில் பழுதுள்ள எக்ஸ் பெருமளவு அணைந்திருந்தால், அவருக்கு இன்று சி.கே. இயல்பாக இருக்கும், அடுத்த வாரமும் இயல்பாகத்தான் இருக்கும். முதல் முடிவைத் தெரிந்துகொண்டபின் இரண்டாம் முடிவு புதிதாகப் பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றினால் மூன்று சாட்சிகள் ஆகிவிட மாட்டார்கள்.

அப்படியானால் மூன்று முறை பார்க்கச் சொல்வது ஏன் என்று கேட்கலாம். நாளுக்கு நாள் ஏற்படும் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதற்காகத்தான். மூன்றின் சராசரியை எடுத்து, அதை ஒரே தடயமாக ஒருமுறை மட்டும் பெருக்குங்கள். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய சில நாட்களில் கடும் உடற்பயிற்சியும் தசையில் போடும் ஊசியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் சி.கே.-யை உயர்த்தும். கர்ப்ப காலத்தில் அளவு தாழ்ந்துவிடும் என்பதால், அப்போது வரும் இயல்பான முடிவை நம்ப வேண்டாம்.

5. மரபணுப் பரிசோதனை: அறிக்கை இருக்கும் குடும்பம், இல்லாத குடும்பம்

டி.எம்.டி. நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு, மரபணுவின் ஒரு துண்டு விடுபட்டோ இரட்டித்தோ இருக்கும். எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனை இவ்விரண்டையும் காட்டிவிடும். ஒற்றை எழுத்து மாறும் சிறு மாற்றங்களை அது காட்டாது.

மாலதியின் அண்ணன் பரிசோதனை எதுவும் செய்யாமலே இறந்துபோனவர் என்று வைப்போம். மாலதிக்குச் செய்த எம்.எல்.பி.ஏ.-வில் எதுவும் தெரியவில்லை. கேரியராக இருந்தும் தெரியாமல் போகும் வாய்ப்பு 1/4. கேரியர் இல்லையென்றால் தெரியாமல் போவது உறுதி. தடய விகிதம் 1/4.

```
1 : 11.4  ×  1/4  =  1 : 45.6
```

வாய்ப்பு 2 விழுக்காடு. பெரிய இறக்கம்தான், ஆனாலும் சுழியம் அல்ல. அறிக்கையில் "நெகட்டிவ்" என்று இருப்பதைப் பார்த்துக் கதையை முடித்துவிடக் கூடாது என்பதற்கு இந்த 2 விழுக்காடே சாட்சி. மீதியையும் தேட வேண்டுமானால் மரபணுவை முழுதாக எழுத்தெழுத்தாகப் படிக்கும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

அண்ணனின் அறிக்கை இருந்து, அதில் மரபணுவின் இன்ன இன்ன துண்டுகள், அதாவது எக்ஸான்கள், விடுபட்டுள்ளன என்று தெளிவாக எழுதியிருந்தால் நிலைமையே வேறு. அதே துண்டு மாலதியிடம் விடுபட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இல்லையென்று வந்தால் தடய விகிதம் சுழியத்தை ஒட்டிப் போய்விடும். மகன்களும் சி.கே.-யும் சேர்ந்து இழுத்ததை விட அந்த ஒரு பழைய காகிதம் கூடுதலாக இழுக்கிறது. நோயுற்ற சகோதரரோ மாமாவோ உயிரோடு இருக்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது ஒன்றே: பரிசோதனையை முதலில் அவருக்குச் செய்யுங்கள், பிறகு பெண்களுக்குச் செய்யுங்கள்.

6. செலவும் வரிசையும்

விகிதங்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் இறுதி விடை ஒன்றுதான்; மகன்களைப் பிறகு சேர்த்து எம்.எல்.பி.ஏ.-வை முதலில் சேர்த்தாலும் 1 : 45.6-தான் வரும். ஆகவே வரிசையைப் பணமும் நேரமும் தீர்மானிக்கட்டும். மகன்களைப் பற்றிய தகவலுக்குச் செலவே இல்லை. சி.கே. எந்த ஊர் ஆய்வகத்திலும் சில நூறு ரூபாயில் முடியும், முடிவு அன்றோ மறுநாளோ வந்துவிடும். மரபணுப் பரிசோதனைகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும், அறிக்கை வர வாரக்கணக்கில் ஆகலாம்.

இதில் கர்ப்பம் குறுக்கிட்டால் நேரம்தான் பற்றாக்குறை. நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை கர்ப்பத்தின் 11-வது வாரத்திலிருந்துதான் செய்யப்படுகிறது. அதற்குள் குடும்பத்தில் உள்ள மரபணு மாற்றம் எது என்பது தெரிந்திருந்தால்தான் கருவில் எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியும். கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்றாலும், பால்சார்ந்த மரபு நோய்களுக்கான கருப் பரிசோதனையைப் பதிவுபெற்ற மையங்களில் செய்ய அதே சட்டம் இடமளிக்கிறது. ஆகவே கேரியரா இல்லையா என்ற கணக்கைக் கருத்தரிப்பதற்கு முன்பே முடித்து வைப்பது நல்லது.

7. விகிதத்திலிருந்து விழுக்காட்டுக்கு

இடப்பக்க எண்ணை இரு பக்கக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வாய்ப்பு கிடைக்கும். 1 : 45.6 என்பது 1-ஐ 46.6-ஆல் வகுத்தது, 2.1 விழுக்காடு. இது மாலதி கேரியராக இருக்கும் வாய்ப்பு. குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு அல்ல. அடுத்துப் பிறப்பது மகன் என்றால் இதில் பாதி, ஏறத்தாழ ஒரு விழுக்காடு. ஆணா பெண்ணா என்று தெரியாத கருவுக்கு நான்கில் ஒரு பங்கு, அரை விழுக்காடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டில் சொன்னால் தேவையில்லாத பீதியோ தேவையில்லாத நிம்மதியோ கிளம்பும்.

விழுக்காட்டுக்கு மாற்றுவதை எல்லாவற்றுக்கும் கடைசியில் செய்யுங்கள். நடுநடுவே மாற்றினால், 8 விழுக்காட்டை நேராக நான்கால் வகுக்கத் தோன்றும். பெருக்கல் செல்லுபடியாவது விகிதத்துக்கு மட்டுமே. வாய்ப்பு சிறிதாக இருக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. 77 விழுக்காட்டை 13.3-ஆல் பெருக்கிப் பார்த்தால்தான் 100-ஐத் தாண்டிக் கேலிக்கூத்தாகும்.

குடும்ப வரைபடத்தின் பின்பக்கத்திலேயே ஒரு சிறு அட்டவணை போட்டு, தேதி, தடயம், தடய விகிதம், அதன்பின் வந்த விகிதம் என்று நான்கு பத்திகளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறிக்கை வரும்போது பழையதைத் தோண்ட வேண்டியதில்லை. கடைசி வரியை எடுத்துப் பெருக்கினால் போதும். தடய விகிதம் என்ன என்று உங்களுக்குத் தெரியாத பரிசோதனையாக இருந்தால், மருத்துவரிடம் மூன்றாம் படியின் இரண்டு கேள்விகளையும் அப்படியே கேளுங்கள்: கேரியர்களில் எத்தனை பேருக்கு இப்படி வரும், கேரியர் அல்லாதவர்களில் எத்தனை பேருக்கு இப்படி வரும்? கூடவே மூன்றாவதாக ஒன்று: இதற்குமுன் செய்த பரிசோதனையும் இதுவும் ஒன்றையே வேறு வழியில் அளக்கின்றனவா? ஆம் என்றால், அந்த வரியில் புதிதாகப் பெருக்காமல் பழைய வரியைத் திருத்துங்கள்.